அப்பா குடிக்கும் பட்டைத் தண்ணீர்: எந்தப் பட்டை, எத்தனை கிராம்?

"அப்பாவுக்கு 64 வயது, எடை 58 கிலோ. பத்து வருஷமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறார். யாரோ சொன்னார்கள் என்று ஐந்து மாதமாகத் தினமும் காலையில் ஒரு ஸ்பூன் பட்டைப் பொடியைச் சுடுதண்ணீரில் கலக்கிக் குடிக்கிறார். போன வாரம் ரத்தப் பரிசோதனையில் ஈரல் நொதியான எஸ்ஜிபிடி 78 என்று வந்திருக்கிறது. நிறுத்துங்கப்பா என்றால், 'சமையல் சாமான்தானம்மா, அது என்ன பண்ணும்' என்கிறார். பட்டையால் ஈரலுக்கு நிஜமாகவே கெடுதல் வருமா? சிலோன் பட்டைக்கு மாறினால் போதுமா? ஒரு நாளைக்கு எவ்வளவு வரை சரி?"

முதலில் நாளைக் காலை செய்ய வேண்டியது: பொடியை நிறுத்தச் சொல்லுங்கள். மாத்திரை எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். பட்டை குடித்துக்கொண்டிருந்ததை அடுத்த முறை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சமையல் சாமானைப் பற்றி டாக்டரிடம் என்ன சொல்வது என்று பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். டாக்டரும் கேட்பதில்லை.

மசாலாப் பொருட்களைப் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். டாக்டர் இல்லை. அதனால் பட்டைக்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். உங்கள் கேள்வியில் முக்கால்வாசி அதுதான்.

நம் ஊர் மளிகைக் கடையில் "பட்டை" என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் கேசியா. தடியாக, செம்பழுப்பாக, ஓடு மாதிரி வளைந்த துண்டு. சீனா, வியட்நாம், இந்தோனேசியாவிலிருந்து வருவது. நீங்கள் கேட்ட சிலோன் பட்டை, இலங்கையில் கறுவா என்று சொல்கிறார்களே, அது வேறு மரம். இரண்டும் ஒரே குடும்பம், அக்கா தங்கை மாதிரி. வாசனைக்குக் காரணமான சின்னமால்டிஹைடு இரண்டிலும் உண்டு. வித்தியாசம் கூமரின் என்ற ஒரு பொருளில் இருக்கிறது. காய்ந்த புல்லும் வெனிலாவும் கலந்த மாதிரி ஒரு இனிய வாசனை அதற்கு. கேசியாவில் இது ஏராளம். கறுவாவில் அளப்பதற்கே சிரமப்பட வேண்டிய அளவு.

எண்ணில் சொல்கிறேன், இந்த ஒரு கணக்கு மட்டும் மனதில் நின்றால் போதும். ஜெர்மனியில் உணவுப் பாதுகாப்பு இடர் மதிப்பீட்டுக்கென்று ஒரு கூட்டாட்சி நிறுவனம் இருக்கிறது. அவர்கள் கணக்குப் போடும்போது எடுத்துக்கொள்ளும் சராசரி, ஒரு கிராம் கேசியாப் பொடியில் 3 மில்லிகிராம் கூமரின். சராசரி என்பதை அழுத்திச் சொல்கிறேன். இந்தோனேசியப் பட்டையை மட்டும் எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில் கிராமுக்கு 2 முதல் 9 மில்லிகிராம் வரை வந்தது. அதே ஆய்வில் கறுவாவில் கிடைத்த அதிகபட்சமே கிராமுக்கு 0.09 மில்லிகிராம்தான்.

இந்த ஏற்ற இறக்கம் ஆய்வகத்தில் எங்களுக்குப் பெரிய தலைவலி. ஒரே மூட்டையின் மேலேயும் அடியிலேயும் எடுத்த மாதிரிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. கருவியில்தான் கோளாறு என்று நினைத்து முதல் வருஷம் நான் ஓட்டிய மறு சோதனைகளுக்குக் கணக்கில்லை. பிறகு ஜெர்மன் ஆய்வாளர்கள் கேசியாக் குச்சிகளை ஒவ்வொன்றாகச் சோதித்து வெளியிட்டதைப் படித்த பிறகுதான் நிம்மதியாயிற்று. ஒரே பாக்கெட்டில் இருந்த குச்சிகளிலேயே கூமரின் தென்படாதவையும் இருந்தன, கிராமுக்குச் சுமார் 10 மில்லிகிராம் இருந்தவையும் இருந்தன. ஆகவே "நான் வாங்கும் பட்டையில் எவ்வளவு?" என்று கேட்டால், சோதிக்காமல் யாராலும் சொல்ல முடியாது. இந்த மாதம் வாங்கியதற்குச் சொன்ன பதில் அடுத்த மாதப் பாக்கெட்டுக்குப் பொருந்தாது.

சரி, எவ்வளவு கூமரின் வரை உடம்பு தாங்கும்? ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2004-இல் ஓர் அளவு வைத்தது, 2008-இல் மறுபடி பரிசீலித்து அதையே உறுதி செய்தது: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு நாளைக்கு, 0.1 மில்லிகிராம். வாழ்நாள் முழுக்கத் தினமும் இந்த அளவு போனாலும் பாதகமில்லை என்பது இதன் பொருள். நாய்களுக்கு இரண்டு வருஷம் கொடுத்துப் பார்த்ததில், கிலோவுக்கு 10 மில்லிகிராம் வரை ஈரல் பாதிக்கப்படவில்லை. அதை நூறால் வகுத்து வைத்த எண் இது. ஆக, இதைத் தாண்டியவுடன் ஈரல் கெட்டுவிடும் என்று அர்த்தமில்லை. ஓரிரு வாரத்துக்கு இந்த அளவைப் போல மூன்று மடங்கு போனாலும் கவலைப்பட வேண்டியதில்லை என்று அதே ஆணையம் சொல்லியிருக்கிறது. கல்யாண வீட்டில் இரண்டு நாள் பிரியாணி சாப்பிட்டவர் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் அப்பா குடித்தது இரண்டு நாளோ இரண்டு வாரமோ இல்லை, ஐந்து மாதம்.

அப்பாவின் கணக்கைப் போடுவோம். 58 கிலோ என்றால் ஒரு நாளைக்கு 5.8 மில்லிகிராம் கூமரின் வரை சரி. ஒரு ஸ்பூன் என்கிறீர்கள். அது எந்த ஸ்பூன்? தலைதட்டிய டீஸ்பூன் பட்டைப் பொடி 2.6 கிராம் நிற்கும். நம் வீடுகளில் யாரும் தலைதட்டி அள்ளுவதில்லை. நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு சின்னத் தராசு என் வீட்டில் இருக்கிறது. என் அம்மா வழக்கமாக அள்ளுகிற மாதிரி குவித்து ஒரு ஸ்பூன் அள்ளச் சொல்லி நிறுத்துப் பார்த்தேன். நாலு கிராமைத் தொட்டது. அம்மாவுக்கே ஆச்சரியம்.

நாலு கிராம் கேசியாவில், சராசரி வைத்தால் 12 மில்லிகிராம் கூமரின். அப்பாவின் அளவைப் போல இரண்டு மடங்கு. பாக்கெட் கொஞ்சம் கூமரின் கூடிய ரகமாக, கிராமுக்கு 6 மில்லிகிராம் என்று அமைந்துவிட்டால் 24. அது நான்கு மடங்கு. தலைதட்டிய ஸ்பூன்தான் என்று வைத்துக்கொண்டாலும் சராசரியில் 7.8 வருகிறது, அப்போதும் மேலேதான். இதே நாலு கிராமைக் கறுவாவில் எடுத்தால், நான் மேலே சொன்ன அதிகபட்சத்தை வைத்தே 0.36 மில்லிகிராம். அப்பாவுக்கு அனுமதித்ததில் பதினாறில் ஒரு பங்கு.

தண்ணீரில் கலக்கிக் குடிப்பதால் கூமரின் முழுக்க உடம்பில் சேராது என்று சிலர் வாதாடுவார்கள். சுடுதண்ணீரில் கூமரின் நன்றாகவே கரையும், பட்டைத் தண்ணீரில் இருக்கும் அளவுக்குக் குளிர்ந்த தண்ணீரே போதும். பொடி நாருக்குள் அடைபட்டிருப்பதால் ஏறாது என்பதும் நிற்காது. தன்னார்வலர்களுக்குப் பட்டைப் பொடியாகவும் தனிக் கூமரினாகவும் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வு ஒன்று ஜெர்மனியில் நடந்தது. பொடியில் இருந்ததும் கிட்டத்தட்ட தனிக் கூமரின் அளவுக்கே உடம்பில் ஏறியிருந்தது.

இனி ஈரல். கூமரினை நம் உடம்பு பெரும்பாலும் ஒரே வழியில் கையாள்கிறது: ஈரலில் இருக்கும் ஒரு நொதி அதைத் தீங்கற்ற பொருளாக்கி சிறுநீரில் அனுப்பிவிடும். எலியிடம் இந்த வழி குறுகல். அதனால் கூமரின் வேறு பாதையில் திரும்பி ஈரல் செல்களைத் தாக்கும் பொருளாகிறது. மனிதர்களில் பெரும்பாலோருக்கு முதல் வழி திறந்தே இருக்கும். ஆனால் அந்த நொதியைக் கொடுக்கும் மரபணு ஆளுக்கு ஆள் மாறும். யாருக்கு ஈரல் சுணங்கும், யாருக்குச் சுணங்காது என்பதை அந்த ஒரு மரபணுவை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடிவதில்லை என்பதுதான் சிக்கல்.

கூமரினை மருந்தாகவே கொடுத்த காலம் உண்டு. மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு கை வீங்கும் பெண்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 1999-இல் வெளியானது. வீக்கம் குறையவில்லை. நூற்றுக்கு ஆறு பேருக்கு ஈரல் நொதிகள் ஏறின. அப்பா குடிப்பதைப் போலப் பல மடங்கு அளவில்கூட நூற்றுக்கு 94 பேர் தப்பித்தார்கள் என்றும் இதைப் படிக்கலாம். அந்த ஆறு பேரில் ஒருவராக இருப்பவருக்கு மிகக் குறைந்த அளவிலேயே தொல்லை வரக்கூடும் என்றும் படிக்கலாம். இரண்டுமே சரி. ஆறுதலான விஷயம், குடிப்பதை நிறுத்தினால் ஏறிய நொதிகள் பெரும்பாலும் இறங்கிவிடுகின்றன.

அப்பாவின் 78-க்குக் காரணம் பட்டைதான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். சாதாரணமாக 40-க்குள் இருக்க வேண்டிய எண் கிட்டத்தட்ட இரட்டிப்பாகியிருக்கிறது. சர்க்கரை உள்ளவர்களில் இதற்கு முதல் சந்தேகம் எப்போதுமே ஈரலில் சேரும் கொழுப்புதான். கொழுப்பு மாத்திரையும் சிலருக்கு இதை ஏற்றும். மூன்றாவதாகப் பட்டை. 73 வயது அமெரிக்கப் பெண்மணி ஒருவரைப் பற்றி 2015-இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். பல மாதமாகக் கொழுப்பு மாத்திரை சாப்பிட்டு வந்தவர், பட்டை மாத்திரை ஆரம்பித்து ஒரு வாரத்தில் வயிற்றுவலியும் வாந்தியுமாக மருத்துவமனைக்குப் போனார். ஈரல் அழற்சி. இரண்டையும் நிறுத்தினார்கள், சரியாயிற்று. பிறகு கொழுப்பு மாத்திரையை மட்டும் திரும்பக் கொடுத்தபோது தொல்லை வரவில்லை. ஒரே ஒருவர் கதை, எல்லோருக்கும் பொதுவாக்க முடியாது. ஆனால் உங்கள் வீட்டுச் சூழ்நிலை அப்படியே அச்சு எடுத்த மாதிரி இருப்பதால் சொன்னேன்.

எனவே நான் செய்யச் சொல்வது இதுதான். பட்டையை மட்டும் நிறுத்துங்கள், மற்றது எல்லாம் இப்போது இருப்பது போலவே இருக்கட்டும். ஆறு வாரம் கழித்து அதே ஆய்வகத்தில் எஸ்ஜிபிடி எடுங்கள், இடையில் டாக்டர் வேறு சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள். ஒரே நேரத்தில் பட்டையை நிறுத்தி, நடைப்பயிற்சியைக் கூட்டி, இரவுச் சோற்றையும் குறைத்துவிட்டு எண் இறங்கிவிட்டால், எதனால் இறங்கியது என்று கடைசிவரை தெரியாது. அப்புறம் அப்பா மறுபடியும் ஸ்பூனை எடுப்பார். இதற்கு நடுவில் கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போனாலோ, சாப்பாடே பிடிக்காமல் போனாலோ ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போய்விடுங்கள்.

வீட்டில் சுகர் பார்க்கும் மிஷின் இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். நிறுத்துவதற்கு முந்தைய நாலைந்து நாள் பார்த்த வெறும் வயிற்றுச் சர்க்கரை எண்கள் மிஷினில் இருந்தால் அவற்றை ஒரு காகிதத்தில் அப்பாவையே எழுதச் சொல்லுங்கள், நிறுத்திய பிறகு மூன்றாவது வாரத்தில் அதேபோல நாலைந்து நாள். பட்டை நிஜமாகவே சர்க்கரையைக் குறைத்திருந்தால் அந்தக் காகிதத்தில் தெரியும். அப்பாவை ஒத்துக்கொள்ள வைக்க என் வார்த்தையைவிட அவர் கையெழுத்தில் இருக்கும் அந்த எண்கள் உதவும்.

என்ன தெரியும் என்று நான் எதிர்பார்க்கிறேன்? அதிகம் ஒன்றும் தெரியாது. பட்டைக்கு இவ்வளவு பெயர் வாங்கிக் கொடுத்தது 2003-இல் பாகிஸ்தானில் நடந்த ஓர் ஆய்வு. இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ள 60 பேர், 40 நாள். ஒரு கிராம், மூன்று கிராம், ஆறு கிராம் என்று மூன்று குழுக்களுக்குக் கேசியா மாத்திரை, மற்றவர்களுக்கு வெறும் மாவு மாத்திரை. வெறும் வயிற்றுச் சர்க்கரை 18 முதல் 29 சதவீதம் வரை குறைந்தது. ஒரு கிராம் சாப்பிட்டவர்களுக்கும் ஆறு கிராம் சாப்பிட்டவர்களுக்கும் பலன் பெரிதாக வேறுபடவில்லை. ஆறு மடங்கு மருந்துக்கும் ஒரே பலன் என்றால் எனக்குக் கொஞ்சம் உறுத்தும். அதன் பிறகு நெதர்லாந்திலும் அமெரிக்காவிலும் ஒன்று, ஒன்றரை கிராம் கொடுத்துப் பார்த்தபோது பலன் கிடைக்கவில்லை. 2012-இல் பத்து ஆய்வுகளை, மொத்தம் 577 பேரை, ஒன்றாக்கிப் பார்த்தது, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பீடு. அது, பட்டையைப் பரிந்துரைக்கச் சான்று போதாது என்று முடித்தது. அடுத்த வருஷம் வந்த இன்னொரு தொகுப்பில் வெறும் வயிற்றுச் சர்க்கரை சராசரியாக 25 புள்ளி அளவுக்கு இறங்கியிருந்தது. ஆனால் மூன்று மாத சராசரியைக் காட்டும் ஏ1சி அசையவில்லை. மொத்தத்தில் கொஞ்சம் ஏதோ இருக்கலாம். அப்பாவின் மாத்திரைக்குப் பதிலாக வைக்கும் அளவுக்கு எதுவும் இல்லை.

சிலோன் பட்டைக்கு மாறினால் போதுமா என்ற உங்கள் கேள்விக்கு இங்கேதான் ஒரு முடிச்சு. பேசப்படும் பலன் பெரும்பாலும் கேசியாவை வைத்துச் செய்த ஆய்வுகளில் வந்தது. கறுவாவை வைத்துச் செய்தவை குறைவு. ஆகவே கறுவாவுக்கு மாறினால் கூமரின் தொல்லை போய்விடும், ஆனால் கேசியாவுக்குச் சொன்ன பலன் அப்படியே கூட வரும் என்று எதிர்பார்க்க முடியாது. "மருந்து" வேண்டுமென்று கேசியாவை அள்ளினால் கூமரினும் சேர்ந்தே வருகிறது. கூமரின் இல்லாத கறுவாவை வாங்கினால் கையில் இருப்பது ஒரு நல்ல வாசனைப் பொருள். எனக்கு இரண்டாவதுதான் உசிதமாகப் படுகிறது. விலை மட்டும் பல மடங்கு.

சர்க்கரை உள்ளவர்களுக்கென்று தனியாக ஓர் அளவு எனக்குத் தெரிந்து யாரும் வைக்கவில்லை, எல்லோருக்கும் அதே 0.1 தான். ஆனால் அவர்கள்தான் தினமும் ஸ்பூன் கணக்கில் குடிக்கிறவர்கள், ஈரலில் கொழுப்பு இருக்க வாய்ப்பும் அவர்களுக்குத்தான் அதிகம். ஆகவே நான் சராசரியை வைத்துக் கணக்குப் போட மாட்டேன், மோசமான பாக்கெட் கைக்கு வந்தால் என்ன ஆகும் என்று பார்ப்பேன். கிராமுக்கு 9 மில்லிகிராம் என்று வைத்தால், 58 கிலோ ஆளுக்கு 0.6 கிராமுக்குச் சற்று மேலே இடம். தலைதட்டிய கால் டீஸ்பூன் சரியாக அந்த அளவுதான். கேசியாவென்றால் ஒரு நாளைக்கு அதுவே என் உச்சம், அதுவும் ஈரல் எண்கள் ஒழுங்காக இருக்கிறவர்களுக்கு. அப்பாவுக்கு இப்போது அதுவும் வேண்டாம். எடை கூடினால் அளவும் அதே வீதத்தில் கூடும். 75 கிலோ ஆளுக்கு 0.8 கிராம், அவ்வளவுதான். குழந்தைகளுக்கு இதே பொடியைப் பாலில் தினமும் கலக்கிக் கொடுக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். 15 கிலோ குழந்தைக்குச் சராசரிக் கேசியாவிலேயே அரை கிராமோடு அளவு முடிந்துவிடுகிறது.

கறுவாவில் கூமரின் கணக்கு எங்கேயும் இடிக்காது. ஆனாலும் அப்பா கிளிமிபிரைடு சாப்பிடுகிறார், அது சர்க்கரையைத் தாழ்த்தி மயக்கம் வரவைக்கக்கூடிய மாத்திரை. அதோடு எதையும் ஸ்பூன் கணக்கில் சேர்க்கும் முன் டாக்டர் காதில் போட்டுவிடுவது நல்லது. அரை டீஸ்பூனைத் தாண்ட வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு குறிப்பு: கூமரினும் வார்ஃபரினும் ஒரே வேதிக் குடும்பம் என்றாலும் கூமரின் தானாக ரத்தத்தை இளக்காது. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் வார்ஃபரினைச் சிதைப்பதும் ஈரல்தான், அதனால் நீங்களும் தினசரிப் பொடியைத் தவிர்ப்பது நல்லது.

அப்பா சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. சமையலில் போடும் பட்டையால் எதுவும் ஆகாது. நாலு பேர் குருமாவில் ஒரு டீஸ்பூன் கரம் மசாலா போட்டால் அதில் பட்டை பத்தில் ஒரு பங்கோ எட்டில் ஒரு பங்கோதான், தலைக்கு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட வராது. பிரியாணியில் போட்ட துண்டை இலை ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறோம். "சமையல் சாமான்தானே" என்பது சமையலில் போடும் அளவுக்குச் சரி. குருமாவில் ஒரு மாதம் போகிற பட்டையை அவர் ஒரே காலையில் குடிக்கிறார் என்று அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

ஐரோப்பியர்களுக்கும் இதே சண்டை நடந்தது. டென்மார்க்கில் பட்டை போட்ட சுருள் ரொட்டி அவர்களுக்கு நமக்கு இட்லி மாதிரி. ரொட்டி வகைகளில் கூமரினுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்த வரம்பு கிலோவுக்கு 15 மில்லிகிராம், பாரம்பரிய, பண்டிகைப் பலகாரங்களுக்கு மட்டும் 50. சுருள் ரொட்டி எந்தக் கணக்கில் வரும் என்று 2013 வாக்கில் அங்கே பெரிய ரகளை, கடைசியில் பாரம்பரியப் பலகாரம் என்ற பட்டியலில் சேர்த்துத்தான் காப்பாற்றினார்கள். நம் நாட்டுச் சட்டத்தில் கூமரினைத் தனியாக வாசனைப் பொருளாக உணவில் சேர்க்கத் தடை இருக்கிறது. கேசியாவுக்கும் கறுவாவுக்கும் தனித்தனித் தர விதிகளும் இருக்கின்றன. அதைக் கடைக்காரரிடம் போய்ச் சொன்னால் சிரிப்பார், அவரிடம் இருப்பது எல்லாமே "பட்டை"தான்.

அதனால் கண்ணாலும் கையாலும் பார்த்து வாங்குங்கள். கறுவாக் குச்சி வெளிர்ப் பழுப்பு. கிளையின் மேல்தோலைச் சீவி எடுத்துவிட்டு, உள்பட்டையைப் பித்தளைக் கம்பியால் தேய்த்து இளக்கி, மெல்லிசாக உரித்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி உலர்த்துவார்கள். அதனால் குறுக்கே பார்த்தால் சுருட்டுப் புகையிலை மாதிரி அடுக்கடுக்காகத் தெரியும். விரலுக்கு நடுவே அழுத்தினால் காய்ந்த சருகு போல நொறுங்கும், முகர்ந்தால் லேசான கிராம்பு வாடை இருக்கும். கேசியா ஒரே தடித்த பட்டை, இரண்டு ஓரமும் உள்ளே சுருண்டு நடுவில் கூடாக இருக்கும். கையால் உடைத்தால் டக்கென்று குச்சி முறிகிற சத்தம். மிக்சியில் போட்டால் ஜாரே அலறும்.

பொடியாக இருந்தால் இந்த அடையாளமெல்லாம் போச்சு. நிறத்தை வைத்துச் சொல்கிறேன் என்கிறவர்களை நான் நம்புவதில்லை, ஆய்வகத்தில் நானே பலமுறை தோற்றிருக்கிறேன். சுடுதண்ணீரில் கலக்கி வைத்தால் கேசியா சற்று நேரத்தில் வழவழவென்று கோழையாகும் என்பது பொதுவாக உண்மை, ஆனால் கலப்படத்தை அது பிடித்துக் கொடுக்காது. ஆகவே குச்சியாக வாங்கி வீட்டில் பொடியுங்கள். இணையக் கடையில் வாங்கினால் "சிலோன்" என்ற எழுத்தை விட்டுவிட்டு, விவரத்தில் Cinnamomum verum அல்லது Cinnamomum zeylanicum என்று இருக்கிறதா பாருங்கள். Cinnamomum cassia, Cinnamomum burmannii என்று இருந்தால் அது கேசியா இனம். பட்டை மாத்திரைப் புட்டிகளிலும் இந்தப் பெயரைத்தான் பார்க்க வேண்டும். 500 மில்லிகிராம் மாத்திரை காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்றால் ஒரு நாளைக்கு இரண்டு கிராம், அது கேசியாவாக இருந்தால் உங்கள் அப்பாவின் எல்லையைச் சராசரியிலேயே தொட்டுத் தாண்டுகிறது.

ஆறு வாரம் கழித்து வரும் எண்ணைப் பொறுத்து அடுத்தது. 40 பக்கம் இறங்கியிருந்தால் கேசியாப் பொடியை வீட்டுக்குள்ளேயே விட வேண்டாம். அப்பாவுக்கு அந்த வாசனை வேண்டுமென்றால் கறுவாவில் விரல் நீளத்தில் ஒரு துண்டை டீ கொதிக்கும்போது போட்டு இறக்கிக் கொடுங்கள். 78-லேயே நின்றாலோ ஏறினாலோ பட்டை மட்டுமே குற்றவாளி இல்லை என்று ஆகிறது, அப்போது டாக்டர் வயிற்று ஸ்கேன் எழுதிக் கொடுப்பார், மாத்திரைகளையும் பார்ப்பார். அந்த நாளில் கையில் கொண்டுபோக வேண்டியது இரண்டு: அப்பா எழுதிய சர்க்கரைக் காகிதம், அவர் இதுவரை அள்ளிய அந்தப் பொடி டப்பா.